டவுன்டைம் அறிவிப்பு எழுதுவது எப்படி: நேரம், பாதிப்பு, மாற்று வழி – முழுமையான வழிகாட்டி

"கணினி மேம்பாட்டுப் பணிகள் காரணமாக இந்த வார இறுதியில் எங்கள் சேவையில் சிறிது நேரம் தடங்கல் ஏற்படலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இப்படி ஒரு மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்தவர் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் பில் போடலாமா? ராத்திரி தானாக ஓடும் ரிப்போர்ட் வருமா, வராதா? "சிறிது நேரம்" என்பது பத்து நிமிடமா, நான்கு மணி நேரமா? மெயில் அனுப்பியவருக்கே தெரியாதோ என்றுதான் தோன்றும். பல சமயம் உண்மையும் அதுதான். அறிவிப்பு மழுப்பலாக இருந்தால் பெரும்பாலும் திட்டமும் மழுப்பலாகவே இருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி மெயில் வாசகத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு, நேரம் எங்கிருந்து வருகிறது, பாதிப்புப் பட்டியல் எங்கிருந்து வருகிறது, மாற்று வழியை எப்படிச் சோதிப்பது என்று பார்த்துவிட்டு, கடைசியில் மெயிலை எழுதுவோம்.

உதாரணம் இது. ஒரு டீம் இணையவழி பில்லிங் மென்பொருள் தருகிறது. அதன் கிளையண்ட்கள் நியூயார்க், லண்டன், இந்தியா, சிங்கப்பூர் நேரங்களில் வேலை செய்கிறார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது என்பதால் 17-க்கு மாற வேண்டும். மாற்றும்போது சேவையை நிறுத்தியே ஆக வேண்டும்.

## படி 1: எவ்வளவு நேரம் என்று அளந்து பாருங்கள்

"இரண்டு மணி நேரம் போதும்" என்று யாராவது மீட்டிங்கில் சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே மெயிலில் போடாதீர்கள். உண்மையான டேட்டாவின் நகலை, அதே அளவுள்ள சர்வரில் வைத்து, வேலை முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் டீமுக்குக் கிடைத்தது இது: புதிய வேலைகளை மறித்து, பாதியில் இருப்பவை முடியும்வரை காத்திருக்க 15 நிமிடம். கடைசி பேக்கப் 30 நிமிடம். `pg_upgrade` ஓட 40 நிமிடம். அதன் பிறகு டேட்டாபேஸின் புள்ளிவிவரங்களைப் புதிதாகத் திரட்ட 25 நிமிடம். எல்லாம் சரியா என்று பார்க்க 25 நிமிடம். மொத்தம் 135.

புள்ளிவிவரம் திரட்டும் அந்த 25 நிமிடத்தைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 17 வரையிலான பதிப்புகளுக்கு மாறும்போது `pg_upgrade` இவற்றைப் பழைய டேட்டாபேஸிலிருந்து எடுத்து வராது. அவை இல்லாமல் திறந்துவிட்டால், சேவை இயங்கும். ஆனால் ஒரு ரிப்போர்ட் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். "முடிந்தது" என்று நீங்கள் மெயில் அனுப்பிய பிறகு கிளையண்ட் காத்துக்கொண்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை டவுன்டைம் இன்னும் முடியவில்லை.

இந்த 135-ஐ மட்டும் அறிவித்தால் போதாது. வேலை சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்க வேண்டும். டீம் டேட்டாவை நகலெடுத்து மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதனால் பழைய டேட்டாபேஸ் தொடப்படாமல் அப்படியே இருக்கும், அதை மறுபடி இயக்கிச் சரிபார்க்க 30 நிமிடம் போதும். `--link` என்ற வேகமான வழியும் உண்டு. ஆனால் அதில் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதை நம்பிப் பயன்படுத்த முடியாது, பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியும், திரும்புவது நீளும். எதைத் தேர்ந்தாலும் நேரக் கணக்கு அதற்கேற்ப மாற வேண்டும்.

135-ம் 30-ம் சேர்ந்து 165. மேலே 45 நிமிடம் கையிருப்பு. ஆக 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். அறிவிக்க வேண்டிய எண் இதுதான்.

எல்லாம் சரியாகப் போனால் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை மெயிலில் சொல்லலாமா? வேண்டாம் என்பேன். "வழக்கமாக 22:15-க்கே முடிந்துவிடும்" என்று எழுதினால், படிப்பவர் மனதில் 22:15 மட்டும்தான் நிற்கும், 23:30 மறந்துபோகும். ஒரே ஒரு முடிவு நேரம் சொல்லுங்கள். முன்பே முடிந்தால் அப்போது தெரிவியுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

## படி 2: எந்த மூன்றரை மணி நேரம்?

"வார இறுதி ராத்திரி" என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், லாகைப் பாருங்கள். ஏபிஐ அழைப்புகள் ஒரு டேபிளில் பதிவாகின்றன என்றால் இப்படிக் கேட்கலாம்:

```sql
SELECT client_id, count(*)
FROM api_requests
WHERE requested_at > now() - interval '56 days'
  AND extract(isodow FROM requested_at AT TIME ZONE 'UTC') = 6
  AND extract(hour FROM requested_at AT TIME ZONE 'UTC')
      BETWEEN 19 AND 23
GROUP BY client_id
ORDER BY count(*) DESC;
```

கடந்த எட்டு வாரச் சனிக்கிழமைகளில், யூடிசி 19 மணி முதல் நள்ளிரவு வரை யார் யார் வேலை செய்தார்கள் என்று இது காட்டும். வெவ்வேறு மணிகளைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த இடைவெளியில் கூட்டம் குறைவு என்று தெரிந்துவிடும். எல்லோரும் தூங்கும் நேரம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. குறைவான பேர் என்பதுதான் இலக்கு.

இந்தப் பட்டியலை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் டீமுக்கு யூடிசி 20:00 முதல் 23:30 வரை என்ற இடைவெளி பொருந்தியது, ஆனால் நியூயார்க் பக்கம் இரண்டு கிளையண்ட்கள் அந்த நேரத்திலும் பில் போடுகிறார்கள் என்று பட்டியல் சொன்னது. அந்த இரண்டு பேருக்கும் மெயில் மட்டும் போதாது, போன் செய்ய வேண்டும்.

## படி 3: நேரத்தைப் பிசகாமல் எழுதுதல்

டீம் முதலில் யோசித்தது மார்ச் 28, சனிக்கிழமை. அதைக் கைவிட்டதற்குக் காரணம் கடிகாரம். 2026 மார்ச் 29 ஞாயிறு அதிகாலை, யூடிசி 01:00 மணிக்கு பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கோடைகால நேரம் தொடங்குகிறது. வேலை கொஞ்சம் நீண்டால், லண்டன் கிளையண்டுக்கு நள்ளிரவு 12:59-க்கு அடுத்த நிமிடம் 2:00. அந்த ராத்திரி நேரம் சொல்வதே ஒரு வம்பு. ஒரு வாரம் முன்னால், மார்ச் 21-க்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் கோடைகால நேரம் மார்ச் 8-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. முதல் மெயில் போவது மார்ச் 5. அன்று நியூயார்க் நேரம் யூடிசியைவிட 5 மணி நேரம் பின்னால். வேலை நடக்கும் நாளில் 4 மணி நேரம்தான் பின்னால். மெயில் எழுதுகிற நாளின் வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நியூயார்க் கிளையண்டுக்கு ஒரு மணி நேரம் தவறிவிடும். மாற்றிக் கணக்கிடும்போது நேரத்தோடு வேலை நடக்கும் தேதியையும் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரமண்டலச் சுருக்கெழுத்துகளைத் தவிருங்கள். ஐஎஸ்டி என்றால் இந்திய நேரமா, இஸ்ரேல் நேரமா, அயர்லாந்து நேரமா? சிஎஸ்டி அமெரிக்காவின் நடுப்பகுதியையும் குறிக்கும், சீனாவையும் குறிக்கும். ஊர் அல்லது நாட்டின் பெயரைப் போட்டு, கூடவே யூடிசி நேரத்தையும் கொடுத்தால் குழப்பம் இல்லை.

அப்புறம், "சனிக்கிழமை இரவு 12 மணி". இது வெள்ளி முடிந்து சனி பிறக்கும் 12-ஆ, சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12-ஆ? பேச்சில் நாம் இரண்டாவதைத்தான் சொல்வோம். காலண்டர் வேறு மாதிரி சொல்லும். தொடக்கமோ முடிவோ சரியாக நள்ளிரவில் விழாதபடி வைத்துக்கொள்வது நல்லது. விழுந்தால் 23:59 என்றோ 00:01 என்றோ எழுதுங்கள். "அடுத்த சனி", "வரும் சனி" இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழமையும் தேதியும் சேர்ந்தே வரட்டும். இரண்டில் ஒன்று தவறாகிவிட்டால்கூட யாராவது கவனித்துக் கேட்பார்கள்.

மெயிலோடு ஒரு காலண்டர் கோப்பும் இணைத்தால், ஊர் நேரக் கணக்கைக் கிளையண்டின் காலண்டரே பார்த்துக்கொள்ளும். அதன் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

```
BEGIN:VEVENT
UID:maint-2026-03-21@example.com
DTSTAMP:20260305T090000Z
SEQUENCE:0
DTSTART:20260321T200000Z
DTEND:20260321T233000Z
SUMMARY:பில்லிங் சேவை நிறுத்தம்
END:VEVENT
```

கடைசியில் உள்ள `Z` யூடிசியைக் குறிக்கிறது. தேதி மாறினால் அதே `UID`-ஐ வைத்துக்கொண்டு `SEQUENCE`-ஐ 1 ஆக்கி அனுப்ப வேண்டும். புதிய `UID` கொடுத்தால் பழைய தேதியும் புதிய தேதியும் இரண்டுமே காலண்டரில் உட்கார்ந்திருக்கும்.

## படி 4: எது இயங்காது? அணைத்துப் பாருங்கள்

"டேட்டாபேஸ் கிளஸ்டர் இயங்காது" என்றால் கணக்காளருக்கு எதுவும் புரியாது. அவருக்குத் தெரிந்தவை பில் போடுவது, ரசீது அனுப்புவது, ரிப்போர்ட் எடுப்பது. பாதிப்புப் பட்டியல் அந்தச் சொற்களில் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை நினைவிலிருந்து எழுதக்கூடாது. சோதனைச் சூழலில் டேட்டாபேஸை உண்மையாகவே நிறுத்துங்கள். பிறகு கிளையண்ட் தொடும் ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து தொட்டுப் பார்க்கட்டும்.

நம் டீம் இதைச் செய்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. இன்வாய்ஸ்களின் பிடிஎஃப் கோப்புகள் தனிக் கோப்புக் கிடங்கில் இருக்கின்றன, டேட்டாபேஸில் இல்லை. அதனால் "ஏற்கெனவே மெயிலில் போன பிடிஎஃப் லிங்குகள் வேலை செய்யும்" என்று வரைவில் எழுதியிருந்தார்கள். அணைத்துப் பார்த்தால் லிங்க் திறக்கவில்லை. கோப்பைக் கொடுப்பதற்கு முன், கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று டேட்டாபேஸில்தான் பார்க்கிறது! கிளையண்டின் வாடிக்கையாளர்கள் கிளிக் செய்யும் லிங்க் அது. "பாதிப்பு இல்லை" என்ற பக்கத்திலிருந்து அதை "இயங்காது" என்ற பக்கத்துக்கு மாற்றினார்கள்.

"பாதிப்பு இல்லை" என்று எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. சோதித்துப் பார்த்தவற்றை மட்டும் அங்கே போடுங்கள். ஏதோ ஒன்று நிச்சயமில்லை என்றால் "இயங்காது" பக்கத்தில் போடுவதே பாதுகாப்பு. இயங்காது என்று சொன்னது இயங்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இயங்குவது, இயங்காதது என்று இரண்டாக மட்டும் பிரிக்காமல், "தாமதமாகும்" என்று ஒரு மூன்றாவது வகையும் வைக்க வேண்டும். அதிகக் கேள்விகள் வருவது இதைப் பற்றித்தான். மாதாமாதம் தானாகப் போகும் இன்வாய்ஸ்கள் அந்த மூன்றரை மணி நேரத்தில் போக வேண்டியிருந்தால் என்ன ஆகும்? சேவை திரும்பியதும் போகும். ஆனால் அதில் எந்தத் தேதி இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "தாமதமாகும்" என்று மட்டும் எழுதினால், எல்லாக் கணக்காளர்களும் தனித்தனியே மெயில் போட்டுக் கேட்பார்கள். டீம் புரோகிராமைப் பார்த்துச் சொன்ன பதில்: போக வேண்டிய நாளின் தேதிதான் இருக்கும், மெயில் மட்டும் தாமதம்.

இன்னொன்று, யாரும் கேட்கும் முன்பே யோசிக்க வேண்டியது: தாமதக் கட்டணம். மார்ச் 21 கடைசி நாள் என்று இருக்கும் இன்வாய்ஸுக்கு, அன்று மாலை ஒருவர் பணம் கட்ட வருகிறார், பக்கம் மூடியிருக்கிறது. மறுநாள் மென்பொருள் தானாகவே அபராதம் சேர்த்துவிடும். கிளையண்டின் வாடிக்கையாளர் கிளையண்டிடம் சண்டைக்குப் போவார். மார்ச் 21, 22 கடைசி நாளாக உள்ள இன்வாய்ஸ்களுக்கு மட்டும் கட்டணம் சேராதபடி நிறுத்திவைத்து, அதை மெயிலிலும் சொன்னார்கள்.

## படி 5: மாற்று வழி

"முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்" என்பது மாற்று வழி இல்லை. மாற்று வழி என்றால் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யாருக்கு, எதற்குள் என்ன தயார் செய்ய வேண்டும், அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், பிறகு எப்படிச் சேர்க்க வேண்டும். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நியூயார்க்கில் சனி மாலை பில் போட்டே ஆக வேண்டிய அந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கான வழி ஒரு ஸ்ப்ரெட்ஷீட். 20:00-க்கு முன் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைப் பட்டியலையும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். டீம் கொடுக்கும் மாதிரி ஷீட்டில் பில்களை எழுத வேண்டும். சேவை திரும்பியதும் அந்த ஷீட்டை இறக்குமதிப் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. வெளியாள் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னபோது சிக்கல் தெரிந்தது. மென்பொருளில் கடைசியாகப் போட்ட பில் எண் 4187 என்றால், அவர் ஷீட்டில் 4188 என்று தொடர்ந்தார். ஆனால் சேவை திரும்பியதும் தானாகப் போகும் இன்வாய்ஸ்கள் முந்திக்கொண்டு 4188-ஐ எடுத்துவிட்டன. ஒரே எண்ணில் இரண்டு பில். வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே காகிதம் இருக்கிறது, எண்ணை மாற்றவும் முடியாது. அதனால் ஷீட்டில் எழுதும் பில்களுக்கு `M-001` என்று தனி வரிசை என்று முடிவானது. மாதிரி ஷீட்டிலேயே அந்த எண்களை நிரப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாற்று வழியை உருவாக்கியவரே சோதித்தால் இது வெளியே வராது. அவருக்கு எங்கே என்ன எழுத வேண்டும் என்று கை தானாகவே போய்விடும். மெயிலில் எழுதப்போகும் வரிகளை மட்டும் கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

ஏபிஐ வழியாக இணைந்திருப்பவர்களுக்கு வழி வேறு. வேலை நடக்கும்போது எல்லா அழைப்புகளுக்கும் இப்படிப் பதில் போக வேண்டும்:

```
HTTP/1.1 503 Service Unavailable
Retry-After: Sat, 21 Mar 2026 23:30:00 GMT
```

அழகான "பராமரிப்பு நடக்கிறது" பக்கத்தை வைத்து, அது 200 என்ற பதிலோடு போனால் ஆபத்து. எதிர்முனையில் உள்ள புரோகிராம் 200-ஐப் பார்த்து "பில் பதிவாகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். அந்த பில் எங்கும் இருக்காது, மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

மறுபடி அனுப்புவதிலும் கவனம் தேவை. சரியாக 23:30:00-க்கு எல்லா இணைப்புகளும் ஒரே நொடியில் வந்து மோதினால் இப்போதுதான் எழுந்த சேவை மறுபடி தடுமாறும். 23:30-க்குப் பிறகு சில நிமிடங்கள் முன்பின்னாகப் பரவலாக வரும்படி சொல்லுங்கள். 20:00 மணிக்கு அறுந்துபோன அழைப்பு பதிவானதா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இரட்டைப் பதிவைத் தடுக்கும் குறியீடு உங்கள் ஏபிஐயில் இருந்தால் அதே குறியீட்டோடு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால், முதலில் தேடிப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

சிலவற்றுக்கு மாற்று வழியே இருக்காது. ஆன்லைனில் பணம் கட்டும் பக்கம் அப்படி. "இதற்கு மாற்று வழி இல்லை" என்று எழுதிவிடுங்கள். தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் உங்களைக் கூப்பிடுவதைவிட அது மேல்.

## படி 6: மெயில்

சரி, இப்போது எழுதலாம். கையில் எல்லாம் இருப்பதால் இது பத்து நிமிட வேலை.

> பொருள்: சேவை நிறுத்தம், மார்ச் 21 சனி 20:00–23:30 யூடிசி: பில் போட முடியாது, ஏபிஐ இயங்காது
>
> வணக்கம்.
>
> 2026 மார்ச் 21, சனிக்கிழமை, யூடிசி 20:00 முதல் 23:30 வரை எங்கள் பில்லிங் சேவையை நிறுத்துகிறோம். டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்காக இது. உங்கள் ஊர் நேரம்:
>
> நியூயார்க்: சனி, மார்ச் 21, மாலை 4:00 – இரவு 7:30
> லண்டன்: சனி, மார்ச் 21, இரவு 8:00 – 11:30
> இந்தியா: ஞாயிறு, மார்ச் 22, அதிகாலை 1:30 – 5:00
> சிங்கப்பூர்: ஞாயிறு, மார்ச் 22, அதிகாலை 4:00 – காலை 7:30
>
> இயங்காதவை: லாகின், பில் போடுதல், ரிப்போர்ட்டுகள், ஏபிஐ, ஆன்லைனில் பணம் கட்டும் பக்கம், மெயிலில் முன்பே போன பிடிஎஃப் லிங்குகள்.
>
> தாமதமாகுபவை: இந்த நேரத்தில் தானாகப் போக வேண்டிய இன்வாய்ஸ்கள் சேவை திரும்பியதும் போகும். அவற்றின் தேதி மாறாது.
>
> வழக்கம்போல் இயங்குபவை: உதவி மெயில், நிலவரப் பக்கம்.
>
> இந்த நேரத்தில் பில் போட வேண்டியவர்கள்: யூடிசி 20:00-க்கு முன் வாடிக்கையாளர், விலைப் பட்டியல்களை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். இணைத்துள்ள ஷீட்டில், அதிலேயே உள்ள M வரிசை எண்களில் பில்களை எழுதுங்கள். சேவை திரும்பியதும் "இறக்குமதி" பக்கத்தில் அதை ஏற்றுங்கள்.
>
> ஏபிஐ பயன்படுத்துபவர்கள்: 503 பதில் வரும். `Retry-After` நேரத்துக்குப் பிறகு, சில நிமிடங்கள் பரவலாக, அதே `Idempotency-Key`-உடன் மறுபடி அனுப்புங்கள்.
>
> ஆன்லைனில் பணம் கட்ட மாற்று வழி இல்லை. மார்ச் 21, 22 கடைசி நாளாக உள்ள இன்வாய்ஸ்களுக்கு 23-ஆம் தேதி முடியும்வரை தாமதக் கட்டணம் சேராது.
>
> இந்த நேரம் உங்களுக்குப் பெரிய சிக்கல் என்றால் மார்ச் 12-க்குள் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் மெயில் அனுப்புவோம்.

பொருள் வரியைப் பாருங்கள். மெயிலைத் திறக்காமலே நாளும் நேரமும் பாதிப்பும் தெரிந்துவிடுகிறது. "முக்கிய அறிவிப்பு" என்று போட்டிருந்தால் பாதிப் பேர் திறந்திருக்க மாட்டார்கள். போஸ்ட்கிரெஸ் 14, 17 என்ற எண்கள் இதில் இல்லை. கணக்காளர் அதை வைத்து எதையும் முடிவு செய்யப்போவதில்லை. "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரியைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பதில் எழுதச் சொல்லிவிட்டு, பதில் போகாத முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். மார்ச் 12 என்ற கடைசி நாளும் சும்மா வைத்ததில்லை. அதற்குள் யாராவது கடுமையாக ஆட்சேபித்தால் தேதியை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தால் இல்லை.

## படி 7: யாருக்கு, எப்போது

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். திட்டமிட்ட டவுன்டைம் சேவை உத்தரவாதக் கணக்கில் சேராது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், ஆனால் இத்தனை நாள் முன் அறிவித்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். 99.9 சதவீத உத்தரவாதம் என்பது 30 நாள் மாதத்தில் 43 நிமிடம்தான். அந்த நாள் கணக்கைத் தவறவிட்டால் மூன்றரை மணி நேரமும் உங்கள் தலையில் விழும்.

உதாரணத்தில் முதல் மெயில் மார்ச் 5, வியாழன். நினைவூட்டல் மார்ச் 18, புதன். தொடங்க ஒரு நாள் இருக்கும்போது மென்பொருளுக்குள்ளேயே மேலே ஒரு பட்டை. நினைவூட்டலில் முழு மெயிலையும் திரும்பவும் கொடுங்கள். முதல் மெயிலைத் தேட வைக்காதீர்கள். ஏதாவது மாறியிருந்தால் அதை முதல் வரியில் சொல்லுங்கள்.

பில் பணம் கட்டும் தொடர்பு மெயில் ஒன்று, தொழில்நுட்பத் தொடர்பு மெயில் ஒன்று என்று கிளையண்டுக்கு இரண்டு இருக்கும். இரண்டுக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்த மெயில்களை அன்றே பார்த்து, அவர்களைப் போனில் பிடியுங்கள்.

## படி 8: அன்று இரவு

தொடர்பு முகவரிகள் எங்கே இருக்கின்றன? நிறுத்தப்போகும் அதே டேட்டாபேஸில்! வேலை இழுத்துக்கொண்டு போகும்போது கிளையண்ட்களுக்கு எழுத நினைத்தால் முகவரி எடுக்க முடியாது. முந்தைய நாளே பட்டியலை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலவரப் பக்கமும் வேறு சர்வரில் இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் நேரம் ஒன்றை முன்பே குறித்துவையுங்கள். திரும்புவதற்கு 30 நிமிடம் வேண்டும், 23:30-க்குள் திறக்க வேண்டும் என்றால் கடைசி 23:00. நம் டீம் 22:50 என்று வைத்தது. 22:50-க்குச் சரிபார்ப்பு முடியவில்லை என்றால் பழையதற்குத் திரும்புவது. "இன்னும் பத்து நிமிடம்" என்ற பேச்சு கிடையாது. சரிபார்ப்பை சேவை திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கிளையண்ட்கள் புதிய டேட்டாபேஸில் பில் போட ஆரம்பித்துவிட்டால், திரும்பினால் அந்த பில்கள் போய்விடும்.

அப்படியும் நேரம் தாண்டப்போகிறது என்று தெரிந்தால், 23:30 ஆகும்வரை காத்திருக்காமல் 23:10-க்கே சொல்லிவிடுங்கள்:

> சேவை 23:30-க்குத் திரும்பாது. பழைய டேட்டாபேஸுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். உங்கள் டேட்டா எதுவும் இழக்கப்படவில்லை. புதிய முடிவு நேரம் 00:15 யூடிசி (ஞாயிறு, மார்ச் 22). ஷீட்டில் பில் போடுவதைத் தொடருங்கள். அடுத்த தகவல் 23:45-க்கு.

"டேட்டா இழக்கப்படவில்லை" என்பது உண்மையாகத் தெரிந்தால் மட்டும். 23:45-க்கு புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், அதையே சொல்லி ஒரு வரி அனுப்புங்கள். சேவை எழும் நேரம் தள்ளிப்போனால் `Retry-After`-இல் உள்ள நேரத்தையும் மாற்ற வேண்டும். அது பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் ஏபிஐ இணைப்புகள் 23:30-லிருந்து முட்டிக்கொண்டே இருக்கும்.

## படி 9: முடிந்த பிறகு

"பணி வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒரு வரியோடு நிறுத்தினால், ஷீட்டில் பில் எழுதியவர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பார். முடிவு மெயிலில் எத்தனை மணிக்குத் திரும்பியது, இன்னும் எது பாக்கி, அவர் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கட்டும்:

> 22:25 யூடிசி முதல் எல்லாச் சேவைகளும் இயங்குகின்றன. தேங்கிய இன்வாய்ஸ்கள் போய்க்கொண்டிருக்கின்றன, 23:00-க்குள் முடியும். ஷீட்டில் எழுதிய பில்களை மார்ச் 24-க்குள் ஏற்றுங்கள்.

போன் செய்த அந்த இரண்டு நியூயார்க் கிளையண்ட்களுக்கும் திங்கட்கிழமை காலை மறுபடி போன் செய்யுங்கள். M வரிசையில் எத்தனை பில் எழுதினார்கள், எத்தனை ஏறியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால், இறக்குமதிப் பக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்த சிறப்பு அனுமதியை எடுத்துவிட்டு, மென்பொருளின் மேலே இருக்கும் பட்டையையும் நீக்கிவிடலாம். அந்தப் பட்டை பல இடங்களில் அடுத்த மாதம் வரை தொங்கிக்கொண்டிருக்கும்.